மார்க் லிஸ்ட்டிலிருந்து ரேங்க் பட்டியல்: எங்கே தப்பும், எப்படிப் பிடிப்பது

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் டி.டி.பி., ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காலாண்டு, அரையாண்டு முடிந்த வாரங்களில் காசிமேடு, தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை என்று சுற்றுவட்டார டியூஷன் சென்டர்காரர்கள் மார்க் லிஸ்ட்டோடு வந்துவிடுவார்கள். பாதிப் பேர் தாளில் கொண்டுவருவார்கள், மீதிப் பேர் வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். எல்லாருக்கும் வேண்டியது ஒன்றுதான்: கூட்டல் சரியாக இருக்க வேண்டும், ஒரே மொத்தம் எடுத்த பிள்ளைகளுக்கு ஒரே ரேங்க் வர வேண்டும்.

பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ரேங்க் பட்டியல் வெளியிடுவதை அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. தெருவுக்குள் இருக்கிற டியூஷனில் அது இன்னும் நிற்கவில்லை. சரி, போடுவதென்றால் தப்பில்லாமல் போடுவோம்.

கீழே இருப்பது எட்டுப் பிள்ளைகளின் பத்தாம் வகுப்பு மாதிரிப் பட்டியல். எண்கள் நான் வைத்துக்கொண்டவை. பெயர்களை விட்டுவிட்டேன்.

| எண் | தமிழ் | ஆங்கிலம் | கணக்கு | அறிவியல் | சமூகம் | கூட்டல் |
|---|---|---|---|---|---|---|
| 1 | 88 | 76 | 91 | 84 | 85 | 424 |
| 2 | 92 | 81 | 95 | 90 | 89 | 447 |
| 3 | 79 | 64 | 58 | 72 | 81 | 354 |
| 4 | 85 | 83 | 88 | 82 | 86 | 424 |
| 5 | 91 | 67 | 32 | 88 | 90 | 368 |
| 6 | 74 | 59 | 66 | 70 | 77 | 346 |
| 7 | 81 | AB | 70 | 75 | 80 | 306 |
| 8 | 76 | 68 | 64 | 71 | 75 | 354 |

ஷீட்டில் `A` வரிசை எண், `B` பெயர், `C` முதல் `G` வரை ஐந்து பாடங்கள். `H` நாம் ஃபார்முலாவால் போடும் கூட்டல். `I` தாளில் ஆசிரியர் கையால் எழுதியிருக்கும் கூட்டல். அதைப் பார்த்து நாமே டைப் செய்ய வேண்டும். `J` இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். `K` தேர்ச்சியா இல்லையா, `L` ரேங்க். தலைப்பு முதல் வரியில் இருக்கிறது, பிள்ளைகள் 2 முதல் 9 வரை.

```
H2:  =SUM(C2:G2)
J2:  =H2-I2
K2:  =IF(AND(COUNT(C2:G2)=5,MIN(C2:G2)>=35),"P","F")
```

இவற்றைக் கீழே 9-ஆம் வரி வரை இழுத்துவிடுங்கள். இந்தப் பதிவில் உள்ள ஃபார்முலாக்கள் எக்ஸெல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபிஸ் கால்க் மூன்றிலும் ஓடும். கால்க்கில் காற்புள்ளியை ஏற்காமல் பிழை காட்டினால் அதற்குப் பதில் அரைப்புள்ளி போட்டுப் பாருங்கள்.

## கூட்டல் குறைவாக வருகிறது, ஆனால் பிழை எதுவும் காட்டவில்லை

அதிகம் ஏமாற்றுவது இதுதான். நான்காம் எண் பிள்ளைக்கு 424 வர வேண்டிய இடத்தில் 342 என்று நிற்கும். ஐந்து மார்க்கும் கண்ணெதிரே சரியாகத்தான் இருக்கும். கால்குலேட்டரில் போட்டால் 424 வரும், ஷீட்டில் மட்டும் 342.

`J` கட்டத்தைப் பாருங்கள், -82 என்று இருக்கும். அந்தப் பிள்ளையின் அறிவியல் மார்க் 82. வித்தியாசமே ஒரு பாடத்தின் மார்க்காக இருந்தால் அந்தக் கட்டம் கூட்டலில் சேரவில்லை என்று அர்த்தம். கட்டத்தில் இருப்பது எண்ணே இல்லை, எண் மாதிரித் தெரிகிற எழுத்து. `SUM` எழுத்தைப் பார்த்தால் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். `=C5+D5+E5+F5+G5` என்று போடும் பழக்கம் உள்ளவர்களுக்கோ, உள்ளே இருப்பதைப் பொறுத்து `#VALUE!` என்று கத்தும், இல்லாவிட்டால் அதையும் எண்ணாக மாற்றிக் கூட்டிவிடும்.

எழுத்து இடது ஓரமாகவும் எண் வலது ஓரமாகவும் நிற்கும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். உண்மைதான். ஆனால் மார்க் லிஸ்ட்டை யாரும் அப்படி விட்டுவைப்பதில்லை, அழகுக்காக எல்லாவற்றையும் நடுவில் நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் அந்த அடையாளம் போய்விடும். அதனால் கட்டத்தையே கேட்டுவிடுவது நல்லது:

```
=ISNUMBER(F5)
=LEN(F5)
```

முதலாவது `FALSE` என்றால் உள்ளே இருப்பது எழுத்து. இரண்டாவது, அது எப்படி எழுத்தானது என்று சொல்லும். நீளம் 2 வந்தால் கட்டம் முதலிலேயே எழுத்து வகைக்கு மாற்றப்பட்டிருக்கிறது. எக்ஸெலில் அந்தப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து `Data` > `Text to Columns` > `Finish` அழுத்தினால் எண்ணாகிவிடும். கட்டத்தின் வகையை மட்டும் `Number` என்று மாற்றினால் போதாது. மறுபடி டைப் செய்யும் வரை பழைய எழுத்தாகவே அது இருக்கும்.

நீளம் 3 வந்தால் 82-ஓடு கண்ணுக்குத் தெரியாத ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் வலைப்பக்கத்திலிருந்தோ போனிலிருந்தோ காப்பி செய்ததோடு வருகிற பிரியா இடைவெளி. சாதாரண `TRIM` அதை எடுக்காது. முதலில் அதைச் சாதா இடைவெளியாக மாற்றி, பிறகு நறுக்க வேண்டும்:

```
=VALUE(TRIM(SUBSTITUTE(F5,UNICHAR(160)," ")))
```

காலியான பத்தி ஒன்றில் இதைப் போட்டு இழுத்து, வந்த எண்களைக் காப்பி செய்து, அசல் பத்தியின் மேல் மதிப்பாக மட்டும் ஒட்டுங்கள். இதற்கும் `#VALUE!` வந்தால் பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில எழுத்து `O` அடிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 9O என்று அடித்தால் திரையில் வித்தியாசமே தெரியாது. ஏழாம் எண் பிள்ளையின் `AB` கட்டத்துக்கும் `#VALUE!` வரும். அங்கே அது நியாயம், அந்தக் கட்டத்தின் மேல் மட்டும் ஒட்டாமல் `AB` என்றே விடுங்கள்.

இந்தக் கோளாறுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. எல்லாப் பாடத்திலும் 80-க்கு மேல் எடுத்த பிள்ளைக்கு `K` பத்தியில் `F` விழும். எண்ணாக இருக்கிற கட்டம் ஐந்து வேண்டும் என்று அங்கே கேட்டிருக்கிறோம், நாலுதான் கிடைத்திருக்கிறது.

## குறுக்கும் நெடுக்கும் கூட்டினால் பொருந்துகிறது, ஆனாலும் தப்பு

கணக்கு தெரிந்தவர்கள் சொல்கிற வழி: பாடவாரியாகக் கூட்டி அவற்றின் மொத்தமும், பிள்ளைவாரியாகக் கூட்டி அவற்றின் மொத்தமும் ஒன்றா என்று பார். நம் பட்டியலில் தமிழ் 666, ஆங்கிலம் 498, கணக்கு 564, அறிவியல் 632, சமூகம் 663, ஆக 3023. பிள்ளைவாரிக் கூட்டல்களைச் சேர்த்தாலும் 3023. ரொம்ப சரி.

இப்போது அந்த 82 எழுத்தாகவே இருக்கட்டும். அறிவியல் மொத்தம் 550 ஆகிவிடும், நான்காம் பிள்ளையின் மொத்தம் 342 ஆகிவிடும். பாடவாரி மொத்தம் 2941, பிள்ளைவாரி மொத்தமும் 2941. இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும், இரண்டும் தப்பு. ஒரே கட்டங்களை இரண்டு திசையில் கூட்டினால் ஒரே விடைதான் வரும். அந்தச் சோதனை பிடிப்பது ஃபார்முலாவின் எல்லை தவறியதை மட்டும். கட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

அதனால்தான் `I` பத்தியை விடாதீர்கள் என்கிறேன். தாளில் உள்ள கூட்டல் வேறொருவர் வேறொரு நேரத்தில் போட்டது. அதோடு ஒப்பிட்டால்தான் சோதனை. "எதுக்குண்ணா ரெண்டு தடவை, அதான் கம்ப்யூட்டர் கூட்டுதே" என்று அலுத்துக்கொள்ளாதவர்களே இல்லை. கம்ப்யூட்டர் கூட்டுகிறது, சரி. நாம் எதை அடித்தோம் என்று அது பார்ப்பதில்லையே.

`J` பத்தியில் எல்லாம் 0 வந்தால் அடுத்த வேலைக்குப் போகலாம். வராதபோது அந்த எண்ணையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள், அது இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம். மூன்றாம் பிள்ளையின் கணக்கு 58-ஐ 85 என்று அடித்துவிட்டால் கூட்டல் 381, வித்தியாசம் 27. இரண்டு இலக்கம் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் 9-ன் மடங்கு. அதை 9-ஆல் வகுத்தால் வருகிற 3, இடம் மாறிய இலக்கங்களுக்கு நடுவே உள்ள தூரம். எட்டுக்கும் ஐந்துக்கும் மூன்று. அந்த வரிசையில் இலக்கங்கள் மூன்று தள்ளி இருக்கிற மார்க்கை முதலில் தாளோடு பாருங்கள்.

வித்தியாசம் சரியாக 10, 20 என்றோ 100 என்றோ நின்றால் முதலில் தாளைச் சந்தேகப்படுங்கள். கையால் கூட்டும்போது மீதியை மேலே கொண்டுபோக மறந்தால் அப்படித்தான் வரும். தப்பு ஆசிரியருடையது என்றால் அவரைக் கேட்டு, தாளிலும் திருத்தி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாக `I` பத்தியை மாற்றி 0 வரவைத்தால் சோதனை செய்ததற்கே அர்த்தம் இல்லை.

`J` பத்தி மேலிருந்து கீழே 1, 2, 3, 4 என்று படிக்கட்டு மாதிரி ஏறினால் சிரித்துக்கொண்டே `H2`-ஐத் திறந்து பாருங்கள். `=SUM(A2:G2)` என்று இருக்கும். வரிசை எண்ணும் மார்க்கோடு சேர்ந்துவிட்டது.

இத்தனைக்கும் தப்பித்துக்கொள்கிற ஒரு தவறு இருக்கிறது. முதல் பிள்ளையின் ஆங்கிலம் 76-ம் அறிவியல் 84-ம் கட்டம் மாறி விழுந்துவிட்டால் கூட்டல் அதே 424-தான், `J`-யும் 0-தான். ரேங்க்கும் மாறாது. ஆனால் அந்தப் பிள்ளை ஆங்கிலத்தில் 84 என்று வீட்டில் போய்ச் சொல்லும். இதைப் பிடிக்கப் பாடவாரி மொத்தத்தையும் தாளிலிருந்து தனியாக எடுக்க வேண்டும். ஒருவர் தாளைப் பார்த்துப் படிக்க, இன்னொருவர் கால்குலேட்டரில் கூட்டினால் போதும். ஷீட்டில் ஆங்கிலம் 8 கூடுதலாகவும் அறிவியல் 8 குறைவாகவும் நிற்கும். எந்த இரண்டு பத்தி என்று தெரிந்துவிட்டது, 8 வித்தியாசம் உள்ள ஜோடியை அந்த இரண்டு பத்திக்குள் தேடினால் போதும்.

## ரேங்க் 1, 2, 2, 4 என்று வருகிறது, 3 எங்கே?

இது பிழையே அல்ல, ஆனால் அதிகச் சண்டை வருவது இதில்தான். `RANK` ஃபார்முலா ஒரே மொத்தத்துக்கு ஒரே ரேங்க் கொடுக்கும், பிறகு அத்தனை இடத்தைத் தாண்டிவிடும். இரண்டு பேர் இரண்டாம் ரேங்க் என்றால் அடுத்தவருக்கு முன்னால் மூன்று பேர் இருக்கிறார்கள், ஆகவே அவர் நாலாவது. ஓட்டப் பந்தயத்திலும் இப்படித்தான் கணக்கு.

சில சென்டர்களில் 3 விடுபடக் கூடாது, 1, 2, 2, 3 என்று வர வேண்டும் என்பார்கள். அதுவும் ஒரு வழக்கம்தான். இதில் எந்தப் பிள்ளைக்கும் ரேங்க் கீழே போகாது, அதனால் பெற்றோருக்குப் பிடிக்கும். என்னைக் கேட்டால் முதல் வழிதான் நேர்மை. "உனக்கு முன்னால் எத்தனை பேர்" என்ற கேள்விக்கு அது ஒழுங்காகப் பதில் சொல்கிறது. எதுவானாலும் ஒன்றை முடிவு செய்து, பட்டியலின் அடியில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

`RANK.AVG` என்று ஒன்று இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். இரண்டு பேருக்கும் 2.5 என்று போடும். இரண்டரையாவது ரேங்க்கை யாரிடமும் விளக்க முடியாது.

## தேர்ச்சி பெறாத பிள்ளை ரேங்க்கில் நுழைந்துவிட்டது

எல்லாப் பாடத்திலும் 35 எடுத்தவர்களுக்குத்தான் ரேங்க் என்பது நம் பக்கத்து வழக்கம். `RANK` அதைப் பார்க்காது. நம் பட்டியலில் ஐந்தாம் பிள்ளை கணக்கில் 32. மொத்தம் 368 என்பதால் `RANK` அவருக்கு நாலாம் இடம் கொடுக்கும். 354 எடுத்துத் தேர்ச்சி பெற்ற இருவரும் ஐந்தாம் இடத்துக்குத் தள்ளப்படுவார்கள். அவருடைய ரேங்க்கைக் கையால் அழித்துவிட்டால் பட்டியல் 1, 2, 2, 5, 5, 7 என்று பல் விழுந்தது போல் நிற்கும்.

அதனால் `RANK`-ஐயே விட்டுவிட்டு, "தேர்ச்சி பெற்றவர்களில் என்னைவிட அதிகம் எடுத்தவர் எத்தனை பேர், அதோடு ஒன்று" என்று எண்ணச் சொல்கிறோம்:

```
L2:  =IF(K2="P",COUNTIFS($K$2:$K$9,"P",$H$2:$H$9,">"&H2)+1,"-")
```

இதைப் போட்டால் வருவது: இரண்டாம் எண்ணுக்கு 1. ஒன்றுக்கும் நான்குக்கும் 2. மூன்றுக்கும் எட்டுக்கும் 4. ஆறாம் எண்ணுக்கு 6. ஐந்தும் ஏழும் கோடு.

இடம் தாண்டாமல் 1, 2, 2, 3, 3, 4 என்று வேண்டுபவர்களுக்கு:

```
L2:  =IF(K2="P",SUMPRODUCT(($K$2:$K$9="P")*($H$2:$H$9>H2)/COUNTIFS($H$2:$H$9,$H$2:$H$9,$K$2:$K$9,$K$2:$K$9))+1,"-")
```

பார்க்கப் பயமாக இருந்தாலும் விஷயம் சின்னது. 424 எடுத்தவர்கள் இரண்டு பேர் என்றால் ஆளுக்கு அரை என்று எண்ணுகிறது, ஆக அந்த மொத்தத்துக்கு ஒன்று. ஆட்களுக்குப் பதில் வெவ்வேறு மொத்தங்களை எண்ணுகிறது, அவ்வளவுதான்.

ஏழாம் பிள்ளை ஆங்கிலத் தேர்வுக்கு வரவில்லை. அங்கே `AB` என்றே இருக்கட்டும், 0 போடாதீர்கள். இரண்டில் எதைப் போட்டாலும் ரேங்க் வராது. ஆனால் 0 போட்டால் ஆங்கிலத்தின் வகுப்புச் சராசரி விழுந்துவிடும். காலியாகவும் விடக் கூடாது, மார்க் இன்னும் வரவில்லையா, பிள்ளை வரவில்லையா என்று பிறகு யாருக்கும் தெரியாது.

## நாலு பேருக்கு முதல் ரேங்க்

பட்டியலின் கடைசிப் பிள்ளையும் முதல் ரேங்க் என்றால் டாலர் குறி விட்டுப்போயிருக்கிறது. `=RANK(H2,H2:H9)` என்று எழுதிக் கீழே இழுத்தால் எல்லையும் சேர்ந்து கீழே நகரும். ஒவ்வொரு பிள்ளையும் தனக்குக் கீழே உள்ளவர்களோடு மட்டும் போட்டி போடும். நம் பட்டியலில் இரண்டு, நான்கு, ஐந்து, எட்டு என்று நாலு பேருக்கு முதலிடம் கிடைக்கும். `$H$2:$H$9` என்று கட்டிப்போடுங்கள். பிறகு சேர்ந்த பிள்ளையைப் பத்தாம் வரியில் அடித்தால் இந்த 9-ஐயும் 10 ஆக்க வேண்டும். பட்டியலுக்கு நடுவில் வரியைச் செருகினால் அது தானாக நீளும்.

## ஒரே மொத்தம், வேறு வேறு ரேங்க்

"அண்ணா, ரெண்டு பேரும் நானூத்தி இருபத்தி நாலு. ஒருத்திக்கு ரெண்டு, இன்னொருத்திக்கு மூணு போட்டிருக்கு. அந்தப் பொண்ணோட அம்மா சென்டர்ல வந்து நிக்கிறாங்க." இப்படி போன் வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, எந்தப் பாடத்தையாவது நூறுக்கு மாற்றினீர்களா என்பது.

அறிவியல் தாள் 60 மார்க்குக்கு வைத்து, அதை நூறுக்கு மாற்றியதாக வைத்துக்கொள்வோம். முதல் பிள்ளை 60-க்கு 50.5, நூறுக்கு 84.17. நான்காம் பிள்ளை 60-க்கு 49, நூறுக்கு 81.67. தசமம் வேண்டாம் என்று கட்டத்தை அமைத்திருப்பதால் திரையில் 84, 82 என்று தெரிகிறது. மொத்தம் 424.17-ம் 423.67-ம் இரண்டுமே 424 என்று தெரிகின்றன. ஃபார்முலா திரையைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் எண்ணைப் பார்க்கிறது. `J` பத்தியும் 0 என்றோ -0 என்றோதான் தெரியும், ஆனால் உள்ளே 0.17-ம் -0.33-ம் ஒளிந்திருக்கும்.

உறுதி செய்ய `H` பத்தியில் தசமத்தைக் கூட்டுகிற பட்டனை இரண்டு முறை அழுத்திப் பாருங்கள். தீர்வு, நூறுக்கு மாற்றுகிற இடத்திலேயே முழு எண்ணாக்கிவிடுவது:

```
=ROUND(49/60*100,0)
```

மொத்தத்தில் மட்டும் `ROUND` போடாதீர்கள். இரண்டு மூன்று பாடங்களை நூறுக்கு மாற்றியிருந்தால், பாட மார்க்குகளைக் கையால் கூட்டிப் பார்க்கிற அம்மாவுக்கு ஒன்று கூடவோ குறையவோ வரலாம். மார்க் அட்டையில் அச்சாகிற எண்ணும் கூட்டலில் சேர்கிற எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அரை மார்க்கை மேலே ஏற்றுவதா என்பதை சென்டர்தான் முடிவு செய்ய வேண்டும். `ROUND` 0.5-ஐ மேலே ஏற்றும்.

## ரேங்க்படி அடுக்கிய பிறகு பெயர் மாறிவிட்டது

பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அடுக்கினால் பெயர்கள் அகர வரிசைக்குப் போய்விடும், மார்க்குகள் பழைய இடத்திலேயே நிற்கும். எக்ஸெல் அந்த நேரத்தில் `Expand the selection` என்று கேட்கும். அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்திவிடுகிறோம். மேலே சொன்ன எந்தச் சோதனையும் இதைப் பிடிக்காது. கூட்டல் சரி, `J` எல்லாம் 0, ரேங்க்கும் சரி, ஆள்தான் வேறு.

அசல் ஷீட்டை அடுக்கவே வேண்டாம். அதன் நகலில் `A` முதல் `L` வரை முழுவதையும் தேர்ந்தெடுத்து, மதிப்புகளாக மட்டும் ஒட்டி, பிறகு அடுக்குங்கள். `L` பத்தியை ஏறுவரிசையில் அடுக்கினால் எண்கள் முதலிலும் கோடுகள் கடைசியிலும் வரும். ஒரே ரேங்க்கில் உள்ளவர்களுக்குள் யார் மேலே என்ற பேச்சு வராமல் இருக்க, இரண்டாவது அடுக்காக வரிசை எண்ணைக் கொடுங்கள். அச்சுக்கு அனுப்பும் முன் முதலில் ஒருவர், நடுவில் ஒருவர், கடைசியில் ஒருவர் என்று எடுத்து, வரிசை எண், பெயர், ஒரு பாட மார்க் மூன்றையும் தாளோடு ஒப்பிடுங்கள். ஒரே ரேங்க் பெற்ற பிள்ளைகள் எல்லாரையும் கட்டாயம் ஒப்பிடுங்கள், வீட்டிலிருந்து கேள்வி வருவது அவர்களைப் பற்றித்தான்.